அரபு வேரும் தமிழ் எழுத்தும்: 'இல்ம்', 'ஆலிம்', 'உலமா' ஆகிய சொற்களின் உறவைத் தமிழில் காட்டும் முறை

ஆய்வுச் சுருக்கம்

அரபு மொழியில் அறிவைக் குறிக்கும் 'இல்ம்', அறிஞரைக் குறிக்கும் 'ஆலிம்', அதன் பன்மையாகிய 'உலமா', ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' ஆகிய சொற்கள் ஐன், லாம், மீம் என்னும் மூன்று எழுத்துகளை வேராகக் கொண்டவை. தமிழில் எழுதும்போது இவ்வேரின் முதலெழுத்து மறைந்துவிடுவதால் அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற சொற்கள் போலத் தோன்றுகின்றன. தொடர்பில்லாத சில சொற்களோ ஒரே வேரின என்று மயங்குமாறு எழுதப்படுகின்றன. இவ்விரு சிக்கல்களும் எழும் இடங்களை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறது. ஆய்வெழுத்திலும் மொழிபெயர்ப்பிலும் வேருறவை வெளிப்படுத்தும் எளிய முறையொன்றையும் அதன் எல்லைகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மூவெழுத்து வேர், வார்ப்பு, ஐன், இல்ம், ஆலிம், ஒலிபெயர்ப்பு, இஸ்லாமியத் தமிழ்

முன்னுரை

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பயில்வோர் இல்ம், ஆலிம், உலமா, முஅல்லிம் போன்ற சொற்களை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். அருஞ்சொற்பொருள் பட்டியல்கள் இவற்றுக்கு முறையே கல்வி, மார்க்க அறிஞர், மார்க்க அறிஞர்கள், ஆசிரியர் என்று தனித்தனியே பொருள் தருகின்றன. பொருள் சரியானதே. ஆயினும், நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்னும் செய்தி அதில் இடம்பெறுவதில்லை. அரபு நூலாசிரியர் ஒருவர் இச்சொற்களை அடுத்தடுத்து வைத்து எழுதும்போது, சொற்களின் உறவையே தம் கருத்துக்கு அடிப்படையாக்குகிறார். அவ்வுறவு புலப்படாத வாசகருக்குத் தொடரின் பொருள் கிடைக்கும். அதன் கட்டமைப்பு கிடைக்காது. ஆய்வாளர் தமிழ் எழுத்து வடிவத்தை மட்டும் நம்பிச் சொற்பிறப்பு கூற முற்பட்டால் பிழையே நேரும்.

1. வேரும் வார்ப்பும்

தமிழ்ச் சொல்லின் அமைப்பு நேர்கோட்டில் செல்வது. 'அறிஞர்' என்னும் சொல்லில் 'அறி' என்னும் பகுதி முதலில் நிற்க, பிற உறுப்புகள் அதன் பின்னே வந்து சேர்கின்றன. அறிவு, அறிந்தான், அறிவித்தல், அறியாமை என எத்தனை சொற்கள் பிறந்தாலும் 'அறி' சிதையாமல் முன்னிற்கிறது. எனவே தமிழில் சொல்லுறவைக் காண்பதற்குத் தொடக்கத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

அரபுச் சொல் இவ்வாறு அமைவதில்லை. அதன் வேர் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளால் ஆனது. அம்மெய்கள் தம் வரிசையில் மாறாமல் நிற்கும். அவற்றுக்கிடையே வரும் குறில், நெடில், இரட்டிப்பு, முன்னே சேரும் எழுத்து ஆகியவை சொல்லின் இலக்கணப் பொருளை வரையறுக்கும். இந்த அமைப்பை அரபு இலக்கணிகள் 'வஸ்ன்' என்பர். எடை, அளவு என்பது அதன் பொருள். உருக்கிய உலோகம் எந்த அச்சில் வார்க்கப்படுகிறதோ அந்த உருவைப் பெறுவது போல, மூன்று மெய்களும் எந்த அமைப்பில் இடப்படுகின்றனவோ அந்த அமைப்பிற்குரிய பொருளைப் பெறுகின்றன. அதனால் 'வஸ்ன்' இக்கட்டுரையில் 'வார்ப்பு' எனப்படுகிறது. வேர் பொருட்புலத்தைத் தருகிறது. செய்பவரா, செய்யப்பட்டதா, செயலா என்பதை வார்ப்பு தருகிறது.

தமிழில் வழங்கும் இரு சொற்கள் இதனை விளக்கப் போதுமானவை. விளைச்சலைக் குறிக்கும் 'மகசூல்' அரபு 'மஹ்ஸூல்' என்பதன் திரிபு. 'தாசில்தார்' என்பதில் உள்ள 'தாசில்' அரபு 'தஹ்ஸீல்' என்பதன் திரிபு. 'தார்' பாரசீக விகுதி. இரண்டிற்கும் வேர் ஒன்றே: ஹா, ஸாத், லாம். கிடைத்தல், கைக்கு வந்து சேர்தல் என்பது அவ்வேரின் பொருள். 'ம' முன்னே நிற்க, இரண்டாம் வேரெழுத்தின் பின் 'ஊ' வந்தால் அது செயப்படுபொருளின் வார்ப்பு. ஆகவே மஹ்ஸூல் என்பது கிடைக்கப்பெற்றது. 'த' முன்னே நிற்க, இரண்டாம் வேரெழுத்தின் பின் 'ஈ' வந்தால் அது பிறவினைத் தொழிற்பெயரின் வார்ப்பு. ஆகவே தஹ்ஸீல் என்பது வந்து சேரச் செய்தல், அதாவது வரி தண்டுதல். நிலத்தின் விளைவும் அதன்மீது வரி தண்டும் அலுவலரின் பதவியும் ஒரே வேரின என்பது அரபு அறிந்தவருக்கு வெளிப்படை. தமிழில் முதற்சொல்லில் 'ஹ்' ககரமாகிவிட்டது. இரண்டாம் சொல்லில் அது மறைந்து முன்னுள்ள உயிரை நீட்டிவிட்டது. அதனால் உறவும் மறைந்தது.

2. ஐன்–லாம்–மீம் குடும்பம்

இதே வார்ப்புகளில் ஐன், லாம், மீம் என்னும் வேரை இட்டால் அறிவு சார்ந்த சொற்கள் பிறக்கின்றன. கீழ்வரும் பட்டியலில் 1, 2, 3 ஆகிய எண்கள் முறையே மூன்று வேரெழுத்துகளின் இடங்களைக் குறிக்கின்றன. இரண்டாம் எழுத்து இரட்டிக்கும் இடத்தில் 22 என்று தரப்பட்டுள்ளது.

| சொல் | வார்ப்பு | பொருள் |
|---|---|---|
| இல்ம் | 1 இ 2 3 | அறிவு |
| உலூம் | 1 உ 2 ஊ 3 | அறிவுத்துறைகள் (இல்ம் என்பதன் பன்மை) |
| ஆலிம் | 1 ஆ 2 இ 3 | அறிபவர், அறிஞர் |
| உலமா | 1 உ 2 அ 3 ஆ | அறிஞர்கள் (ஆலிம் என்பதன் பன்மை) |
| அலீம் | 1 அ 2 ஈ 3 | அறிவை இயல்பாகவே உடையவர் |
| மஃலூம் | ம 1 2 ஊ 3 | அறியப்பட்டது |
| தஃலீம் | த 1 2 ஈ 3 | கற்பித்தல் |
| முஅல்லிம் | மு 1 அ 22 இ 3 | கற்பிப்பவர் |

மஹ்ஸூல் என்பதும் மஃலூம் என்பதும் ஒரே வார்ப்பு. தஹ்ஸீல் என்பதும் தஃலீம் என்பதும் ஒரே வார்ப்பு. தமிழ்நாட்டில் வழக்கமாகத் தரப்படும் கையூட்டைச் சுட்டும் 'மாமூல்' என்னும் சொல்லும் இதே செயப்படுபொருள் வார்ப்பினதே. அதன் மூலம் 'மஃமூல்'. செய்யப்பட்டது, நடைமுறையில் உள்ளது என்பது பொருள். அதன் வேர் ஐன், மீம், லாம். ஆட்சித்துறையில் வழங்கும் 'அமல்' (செயல், நடைமுறை) என்பதும் அவ்வேரினது. அறிவுக்குரிய வேரும் செயலுக்குரிய வேரும் எழுத்துகளால் ஒன்றி, வரிசையால் மட்டும் வேறுபடுகின்றன. வேரெழுத்துகளின் வரிசை மாறினால் வேரே மாறிவிடும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

உலூம், உலமா ஆகிய இரண்டும் பன்மைகளே. ஒன்று துறைகளைக் குறிக்க, மற்றொன்று ஆட்களைக் குறிக்கிறது. இலக்னோவில் உள்ள 'தாருல் உலூம் நத்வத்துல் உலமா' என்னும் கல்வி நிறுவனத்தின் பெயரில் இரண்டும் வருகின்றன. அறிவுத்துறைகளின் இல்லம் என்பதும் அறிஞர்களின் அவை என்பதும் அப்பெயரின் இரு கூறுகள். தமிழில் உலமா என்பது ஒருமை போலக் கருதப்பட்டு 'உலமாக்கள்' என்று மீண்டும் பன்மை விகுதி பெறுகிறது. வழக்கில் நிலைத்துவிட்ட இவ்வடிவத்தைப் பிழையென்று தள்ள வேண்டுவதில்லை. எனினும் ஆலிம் என்பதன் பன்மையே உலமா என்னும் உணர்வு மங்கிவிட்டதை அது காட்டுகிறது.

3. தமிழ் எழுத்தில் நிற்பதும் மறைவதும்

உயிர்க்குறியிடாத அரபு எழுத்து வேரைத் தெளிவாகக் காட்டும். குறில் உயிர்களையும் இரட்டிப்பையும் காட்டாது. ஐன், லாம், மீம் என்று மூன்றெழுத்து மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதனை இல்ம் (அறிவு), அலம் (கொடி), அலிம (அவன் அறிந்தான்), அல்லம (அவன் கற்பித்தான்) என்று இடத்திற்கேற்பப் படிக்கலாம். தமிழ் எழுத்து இதற்கு நேர்மாறானது. குறில் நெடில் வேறுபாட்டையும் மெய் இரட்டிப்பையும் அது பிழையின்றிக் காட்டும். ஆலிம், அலீம், முஅல்லிம் ஆகிய வார்ப்புகள் தமிழில் ஐயத்திற்கு இடமின்றி விளங்குகின்றன. ஆனால் வேரின் முதலெழுத்தாகிய ஐன் அதில் இல்லை. சுருங்கக் கூறின், அரபு எழுத்து வேரைக் காட்டி வார்ப்பை மறைக்கிறது; தமிழ் எழுத்து வார்ப்பைக் காட்டி வேரை மறைக்கிறது.

ஐன் என்பது தொண்டையின் அடிப்பகுதியை இறுக்கி ஒலிக்கும் மெய். தமிழில் அதற்கு மூன்று விதமான நிலைகள் நேர்கின்றன. சொல் முதலில் வரும்போது அது முற்றிலும் மறைந்து, அதன்மேல் ஏறிய உயிர் மட்டும் எஞ்சுகிறது. இல்ம், ஆலிம், உலமா ஆகியவை இகரம், ஆகாரம், உகரம் என மூன்று வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குவதன் காரணம் இதுவே. அகரவரிசைப் பட்டியலில் அவை மூன்று இடங்களுக்குச் சிதறிப்போகின்றன. சொல்லிடையில் உயிரேறி வரும்போது, முஅல்லிம், ஜும்ஆ என்பவற்றில் உள்ளது போல, இடையே தனியுயிர் எழுதப்படுகிறது. அளபெடையல்லாத இடத்தில் சொல்லின் நடுவே தனியுயிர் வருவது தமிழ் மரபன்று. ஆயினும் மரபைப் பேணி உடம்படுமெய் இட்டு 'முவல்லிம்' என்று எழுதினால், வேரில் இல்லாத வகரம் புகுந்துவிடும். வகரம் அரபில் வேரெழுத்தாக வரக்கூடிய மெய் என்பதால் அது புதிய மயக்கத்திற்கு வழிவகுக்கும். சொல்லிடையில் உயிரின்றி வரும்போது, தஃலீம், மஃலூம் என்பவற்றில் உள்ளது போல, ஆய்தம் அதன் இடத்தை நிரப்புகிறது.

ஆய்தம் ஐனுக்கு மட்டுமே உரியதாக இருந்திருந்தால் சிக்கல் குறைவு. ஆனால் 'முஃமின்' என்பதில் ஆய்தம் குறிப்பது ஹம்ஸா என்னும் வேறொரு மெய்யை. மாலைத் தொழுகையைக் குறிக்கும் 'மஃரிப்' என்பதிலோ அது கைன் என்னும் மூன்றாவது மெய்க்கு நிற்கிறது. இதனால் உறவில்லாத சொற்கள் உறவுடையன போலத் தோன்றுகின்றன. சூஃபி இலக்கியத்தில் மெய்ஞ்ஞானத்தைக் குறிக்கும் 'மஃரிபத்' ஐன், ரா, ஃபா என்னும் வேரினது. 'மஃரிப்' கைன், ரா, பா என்னும் வேரினது. முன்னது அறிதல் பற்றியது. பின்னது மறைதல், மேற்குத் திசை பற்றியது. ஃபா என்பதற்கும் பா என்பதற்கும் தமிழில் பகரமே எழுதப்படுவதால் ஒன்று மற்றொன்றின் நீட்சி போலக் காட்சியளிக்கிறது.

அறிவுக்குரிய வேரிலேயே இதனினும் கூர்மையான மயக்கம் உண்டு. இறைவனின் பண்புப் பெயராகவும் 'அப்துல் அலீம்' போன்ற ஆட்பெயர்களிலும் வரும் 'அலீம்' என்பது ஐனில் தொடங்குவது. முற்றறிவு உடையவன் என்பது பொருள். தண்டனைக்கு அடைமொழியாக வரும் 'அலீம்' என்பது ஹம்ஸாவில் தொடங்குவது. நோவு தருவது என்பது பொருள். இரு சொற்களும் திருக்குர்ஆனில் பலமுறை வருகின்றன. இரண்டும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. வேறுபடுவது முதலெழுத்து மட்டுமே. தமிழில் முதலெழுத்து மறைந்துவிடுவதால் அறிவும் நோவும் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. தமிழ் எழுத்தில் உள்ள ஒரு பாடலில் 'அலீம்' என்று கண்டால், இடம் நோக்கியன்றி எது என்று துணிய இயலாது.

தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபில் இம்மயக்கம் எழவில்லை. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் பயன்படுத்திய அம்முறையில், தமிழொலிகளுக்கெனச் சில எழுத்துகள் கூடுதலாக அமைக்கப்பட்டன. அரபுச் சொற்களோ பெரும்பாலும் தம் மூல எழுத்துகளோடே எழுதப்பட்டன. அந்நூல்களைப் படித்தவர் ஆலிம், முஅல்லிம் ஆகிய இரண்டிலும் அதே மூன்றெழுத்தைக் கண்ணால் கண்டார். அவை தமிழ் எழுத்துக்கு மாற்றப்படும்போது இழக்கப்படுவது இந்தக் காட்சியே.

வேரும் வார்ப்பும் இரண்டுமே கரைந்துபோன நிலைக்கு 'மாலுமி' என்னும் சொல் எடுத்துக்காட்டு. இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவர் முஅல்லிம் எனப்பட்டார். அக்பர் காலத்து நூலாகிய 'ஆயினே அக்பரி' கப்பற் பணியாளர்களைப் பட்டியலிடும்போது, கடலின் ஆழம் அறிந்து வானியலும் தெரிந்திருக்க வேண்டிய அலுவலராக முஅல்லிமைக் குறிப்பிடுகிறது. 1498ஆம் ஆண்டு மாலிந்தியிலிருந்து வாஸ்கோ ட காமாவின் கப்பல்களைக் கோழிக்கோட்டிற்கு வழிநடத்திய வழிகாட்டியைப் போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர்கள் 'மலேமோ' என்று குறித்தனர், அதுவும் இச்சொல்லே. தமிழில் 'முஅ' என்பது 'மா' ஆகி, இரட்டை லகரம் ஒற்றையாகி, மாலுமி பிறந்தது. கற்பிப்பவர் என்னும் பொருள் கடல்வழி அறிந்தவர் என்று சுருங்கி, பின்னர்க் கப்பலில் பணிபுரிபவர் என்று விரிந்தது. லகரமும் மகரமும் தவிர வேரின் தடயம் எதுவும் அதில் எஞ்சவில்லை.

4. விகுதியேற்பும் நெடிற்பிழையும்

வேர் மறைவதற்கு எழுத்து மட்டும் காரணமன்று. 'அம்' என்று முடியும் தமிழ்ப் பெயர்கள் வேற்றுமை ஏற்கையில் மகரம் கெட்டு அத்துச்சாரியை பெறும். மரம் என்பது மரத்தை என்றாகும். இவ்விதியை ஒட்டியே 'இஸ்லாம்' என்பது 'இஸ்லாத்தை', 'இஸ்லாத்தில்' என்று வழங்குகிறது. இங்குக் கெட்ட மகரம் விகுதியன்று. ஸீன், லாம், மீம் என்னும் வேரின் மூன்றாம் எழுத்து. முஸ்லிம், ஸலாம் ஆகியவற்றோடு இஸ்லாம் கொண்டுள்ள உறவைக் காட்டும் எழுத்தே 'இஸ்லாத்தை' என்னும் வடிவில் மறைகிறது. ஆலிம் என்பது 'இம்' என்று முடிவதால் இவ்விதிக்கு ஆட்படாமல் ஆலிமை, ஆலிமுக்கு என்று மகரத்தைக் காத்துக்கொள்கிறது. பன்மையிலும் 'மரங்கள்' போல 'ஆலிங்கள்' என்று திரியாமல் 'ஆலிம்கள்' என்றே எழுதப்படுகிறது.

வார்ப்பைக் காட்டுவதில் தமிழ் எழுத்துக்குள்ள ஆற்றலை எழுதுவோரின் கவனக்குறைவு வீணாக்குவதும் உண்டு. 'முஸ்லீம்' என்று நெடிலிட்டு எழுதுவது பரவலாகக் காணப்படும் பிழை. செய்பவரைக் குறிக்கும் அவ்வார்ப்பில் இறுதி உயிர் குறிலே. இதே வகையில் ஆலிம் என்பதை 'ஆலீம்' என்று எழுதினால், அவ்வேரில் இல்லாத வார்ப்பொன்று உருவாகிறது. முதல் உயிரைக் குறுக்கி 'அலீம்' என்று எழுதினால் அது வேறு சொல்லாகிவிடும். செய்பவர் பெயரில் முதல் உயிர் நெடில், இரண்டாம் உயிர் குறில் என்பதை நினைவிற்கொண்டால் ஆலிம், காதிப் (எழுதுபவர்), ஹாகிம் (தீர்ப்பளிப்பவர்) ஆகியவற்றைச் சரிபார்க்க அதுவே போதுமானது.

5. மொழிபெயர்ப்பில் வேருறவு: ஓர் எடுத்துக்காட்டு

12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த ஸர்னூஜி என்பவர் மாணவர்க்கு எழுதிய கல்விநெறி நூலின் தலைப்பு 'தஃலீமுல் முதஅல்லிம் தரீகத் தஅல்லும்' என்பது. இதில் தஃலீம், முதஅல்லிம், தஅல்லும் ஆகிய மூன்றும் ஐன், லாம், மீம் வேரின. 'தரீக்' என்பது வழி. இத்தலைப்பை 'மாணாக்கனுக்குக் கல்வி பெறும் நெறியைப் போதித்தல்' என்று பெயர்த்தால் பொருள் வந்துவிடும். ஆனால் மாணாக்கன், கல்வி, போதித்தல் என்னும் மூன்று சொற்களுக்கும் இடையே உறவு எதுவும் இல்லை. மூலத்தில் ஒரே வேர் மும்முறை ஒலிக்கும் கட்டமைப்பு கலைந்துவிடுகிறது.

'கற்பவருக்குக் கற்கும் வழியைக் கற்பித்தல்' என்று பெயர்த்தால் நிலைமை வேறு. 'கல்' என்னும் ஒரே பகுதி மூன்று வடிவம் கொள்கிறது. அரபில் கேட்கும் எதிரொலி தமிழிலும் கேட்கிறது. எந்தச் சொல்லையும் வலிந்து புதிதாகப் படைக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

இம்மொழிபெயர்ப்பு இரு மொழிகளின் வேறுபாடு ஒன்றையும் புலப்படுத்துகிறது. தமிழில் கற்றல் அடிப்படை. அதன்மேல் 'பி' என்னும் பிறவினை விகுதி சேர்ந்து கற்பித்தல் பிறக்கிறது. அரபிலோ 'அல்லம' (கற்பித்தான்) என்பதன் முன் 'த' சேர்ந்து 'தஅல்லம' (கற்றான்) பிறக்கிறது. கற்பித்தலைத் தன்பால் ஏற்றுக்கொள்வதே கற்றல் என்னும் அமைப்பு அது. உறவு இரு மொழிகளிலும் உண்டு. அது செல்லும் திசை மட்டும் மாறுகிறது.

இங்கு ஒரு வரம்பும் எதிர்ப்படுகிறது. தலைப்பின் மூன்று சொற்களையும் இல்ம் என்பதோடு இணைக்க விரும்பி 'அறி' என்னும் பகுதியால் பெயர்க்க முயன்றால், தஃலீம் என்பதற்கு 'அறிவித்தல்' என்று வரும். அது பொருந்தாது. அறிவித்தலுக்கு அரபில் அதே வேரிலிருந்து 'இஃலாம்' என்னும் தனிச்சொல் உண்டு. திருக்குர்ஆன் சொற்களுக்கு அகராதி செய்த ராகிப் அல்-இஸ்ஃபஹானி இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறார்: இஃலாம் விரைந்து செய்தியைத் தெரிவிப்பது, தஃலீம் திரும்பத் திரும்பச் செய்து உள்ளத்தில் பதியவைப்பது. இரண்டாம் வேரெழுத்தின் இரட்டிப்போடு தொடர்புடைய இப்பொருள் வேறுபாட்டைத் தமிழ் 'அறிவி', 'கற்பி' என்னும் இரு பகுதிகளால் காட்டுகிறது. ஆகவே அரபின் ஒரு வேருக்குத் தமிழில் 'அறி', 'கல்' என்னும் இரண்டு பகுதிகள் தேவைப்படுகின்றன. இல்ம், ஆலிம், அலீம், மஃலூம், இஃலாம் ஆகியவை 'அறி' என்பதன்பாலும், தஃலீம், முஅல்லிம், முதஅல்லிம், தஅல்லும் ஆகியவை 'கல்' என்பதன்பாலும் அடங்குகின்றன.

6. உறவைக் காட்டும் முறை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் ஆய்வெழுத்துக்கு எளிய முறையொன்றை வகுக்கலாம். அரபுச் சொல் முதன்முறை வருமிடத்தில் வழக்கிலுள்ள எழுத்துக்கூட்டலை மாற்றாமல் எழுதி, அடைப்புக்குறிக்குள் வேரெழுத்துகளின் பெயர்களையும் வார்ப்பின் பொருள் விளங்கும் நேர்ப்பெயர்ப்பையும் தரவேண்டும். சான்றாக:

ஆலிம் (ஐன்–லாம்–மீம், அறிபவர்)
மஃலூம் (ஐன்–லாம்–மீம்; அறியப்பட்டது)
முஅல்லிம் (ஐன்–லாம்–மீம், கற்பிப்பவர்)
அலீம் (ஹம்ஸா–லாம்–மீம், நோவு தருவது)

அடுத்த இடங்களில் சொல்லை மட்டும் எழுதினால் போதும். சொல்லடைவு தரும் நூல்களில் அகரவரிசையோடு வேர்வரிசையையும் சேர்த்தால், இகரத்திலும் ஆகாரத்திலும் உகரத்திலும் சிதறிக்கிடக்கும் சொற்கள் ஓரிடத்தில் வந்து சேரும்.

ஐனுக்குப் புதிய குறியீடு ஒன்றைப் படைப்பதினும் எழுத்தின் பெயரைச் சொல்வது ஏற்புடையது. மேற்கத்திய ஒலிபெயர்ப்பில் உள்ளது போல ஒற்றை மேற்கோள் போன்ற குறியைத் தமிழ்ச் சொல்லின் முன் இட்டால், அது மேற்கோள்குறியோடு மயங்கும். அச்சுக்கோப்பில் எளிதில் உதிர்ந்துபோகும். வழக்கில் ஊன்றிய எழுத்துக்கூட்டலையும் குலைக்கும்.

நேர்ப்பெயர்ப்பில் ஓர் ஒழுங்கு பேணப்பட வேண்டும். 'அறி' என்னும் பகுதியை ஐன்–லாம்–மீம் வேருக்கு ஒதுக்கிவிட்டால், ஐன்–ரா–ஃபா வேரிற் பிறந்த மஃரிபத், ஆரிஃப் ஆகியவற்றுக்கு அதே கட்டுரையில் அதனைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றுக்கு மெய்ஞ்ஞானம், ஞானி என்னும் வழக்குச் சொற்கள் உள்ளன. இல்லையேல் இரு வேர்களின் வேறுபாட்டைத் தமிழ் வாசகர் உணர வாய்ப்பிராது.

7. முறையின் எல்லைகள்

எழுத்துப் பெயர்களும் எல்லா வேர்களுக்கும் தடையின்றிப் பயன்படா. அரபில் இரண்டு ஹா, இரண்டு தா, இரண்டு காஃப் உண்டு. தமிழில் பெயரெழுதும்போது அவை ஒன்றாகிவிடும். மகசூல் என்பதன் வேரில் உள்ளது தொண்டையிற் பிறக்கும் அழுத்தமான ஹா என்பதைச் சொல்லால் விளக்கியே ஆகவேண்டும். அறிவுக்குரிய வேரில் இவ்விடர் இல்லை. ஐன், லாம், மீம் ஆகிய மூன்று பெயர்களும் தனித்தன்மை உடையவை.

மற்றோர் எல்லை பொருள் சார்ந்தது. எழுத்துகள் ஒத்திருப்பதனாலேயே சொற்கள் ஒரே பிறப்புடையவை என்று முடிவுகட்ட இயலாது. உலகைக் குறிக்கும் 'ஆலம்' என்பதிலும் ஐன், லாம், மீம் உள்ளன. அகராதி ஆசிரியரான இப்னு ஃபாரிஸ் (இறப்பு 1004) இவ்வேரின் அடிப்படைப் பொருள், ஒன்றைப் பிறவற்றினின்று பிரித்துக்காட்டும் அடையாளம் என்று கொள்கிறார். கொடியைக் குறிக்கும் அலம், குறியைக் குறிக்கும் அலாமா, அறிவைக் குறிக்கும் இல்ம் ஆகியவை இவ்விளக்கத்துள் இயல்பாக அடங்குகின்றன. தமிழிலும் அறிவு, அறிகுறி ஆகியவை ஒரே பகுதியின என்பதால் இவ்வுறவை எளிதில் காட்டலாம். படைத்தவனை அறிவதற்குரிய அடையாளமாக விளங்குவதால் உலகம் 'ஆலம்' எனப்பட்டது என்று மரபுவழி உரையாசிரியர்கள் இதனையும் அவற்றோடு சேர்ப்பர். ஆனால் செமித்திய மொழிகளை ஒப்பிடும் ஆய்வாளர்கள், ஆலம் என்பது அரமேய மொழியிலிருந்து அரபு ஏற்ற சொல் என்று கருதுகின்றனர். நெடுங்காலம், ஊழி என்னும் பொருளில் வழங்கும் எபிரேயச் சொல் அதற்கு இனமானது. எனவே ஆலம் என்பதை 'அறியப்படுவது' என்று பெயர்ப்பவர், தாம் தருவது உரைமரபின் விளக்கமா, சொற்பிறப்பு வரலாறா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். வேரெழுத்துகளைச் சுட்டுவது உறவுக்கான முதற்சான்று. பொருளும் வரலாறும் அதனை உறுதிசெய்ய வேண்டும்.

நிறைவுரை

இல்ம், ஆலிம், உலமா ஆகியவற்றின் உறவு தமிழில் மறைவதற்கு முதன்மைக் காரணம் ஐன் என்னும் ஒரே மெய்க்குத் தமிழில் நிலையான எழுத்து இல்லாமையே. குறில், நெடில், இரட்டிப்பு ஆகியவற்றைத் தமிழ் செம்மையாகக் காட்டுவதால் வார்ப்பைப் பேணுவதற்கு எழுத்துக்கூட்டலில் கவனம் இருந்தால் போதும். வேரைப் பேணுவதற்கு எழுத்துப் பெயர்களைச் சுட்டுவதும், 'அறி', 'கல்' என்னும் இரு பகுதிகளை வரையறுத்துப் பயன்படுத்துவதும் துணைசெய்கின்றன. அலீம் என்னும் ஒரே தமிழ் வடிவம் முற்றறிவையும் நோவையும் குறிக்கக்கூடும் என்பதால், இஸ்லாமியத் தமிழ் நூல்களைப் பதிப்பிப்போரும் அவற்றுக்குச் சொல்லடைவு அமைப்போரும் தமிழ் வடிவத்தோடு நின்றுவிடாமல், வேரெழுத்துகளைக் கண்டு குறித்த பின்னரே பொருளும் சொற்பிறப்பும் கூறுதல் வேண்டும்.